ரெண்டு குடம் தண்ணீர், ஒரு விசிறி

கத்திரி வெயிலில் சுருண்டு விழுபவர் என்றதும் திண்டுக்கல்காரர்களுக்கு யார் நினைவுக்கு வருவார்கள்? தார் ரோடு போடுபவர், லாரியில் மூட்டை ஏற்றுபவர், வேடசந்தூர்ப் பக்கம் காட்டில் களையெடுப்பவர். அவர்களுக்கும் ஆபத்து உண்டுதான். ஆனால் அவர்கள் நாலு பேர் பார்க்க விழுகிறார்கள், யாராவது ஓடிவந்து தூக்குவார்கள். வெயிலில் கால் வைக்காமலே வீட்டுக்குள் விழுகிறவரைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எழுபதைத் தாண்டிய வயது, தனிக்கட்டை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை அல்லது மொட்டைமாடி, சாத்திய கதவு. இப்படி இருக்கிற அப்பத்தாக்களும் தாத்தாக்களும்தான் அவர்கள்.

ஹீட் ஸ்ட்ரோக் என்கிற வெப்பவாதம் இரண்டு வகை. கடும் உழைப்பால் ஒரு மணி நேரத்தில் வருவது ஒன்று. சும்மா இருந்த இடத்திலேயே இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏறி வருவது இன்னொன்று. வயதானவர்களைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவது. மெல்ல வருவதால் அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடிக்கக்கூடிய ஆள் டாக்டர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்.

திண்டுக்கல்லின் வெயில் உலர்ந்த வெயில். மேற்கே பழனி மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை, நடுவில் சமவெளி. சென்னைக்கு மதியத்துக்கு மேல் கிடைக்கிற கடல்காற்று இங்கே எட்டாது. சமவெளியில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடுதலாகவும் இருந்தால் வானிலை மையம் அதை வெப்ப அலை என்று அறிவிக்கும். அந்த அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பது முதியவர்கள் விஷயத்தில் சரிப்படாது. அந்த அளவுகோல் பகலின் உச்சத்தை வைத்துப் போட்டது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. வெளியே பத்து மணிக்குக் காற்று இதமாகிவிட்டாலும் உள்ளே கட்டிலில் படுத்திருப்பவருக்கு இன்னும் பகல்தான். திருட்டுக்குப் பயந்து சன்னலையும் சாத்திவிட்டால் கேட்கவே வேண்டாம். இப்படி மூன்று ராத்திரி ஆறாத உடம்புதான் நாலாம் நாள் மதியம் விழுகிறது.

உடம்பு சூட்டை இறக்க இரண்டு வழி வைத்திருக்கிறது. ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி வெளிக்காற்றில் சூட்டை விடுவது ஒன்று, வியர்ப்பது இன்னொன்று. அறையின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் முதல் வழி அநேகமாக அடைபட்டுவிடும். மிச்சம் இருப்பது வியர்வை மட்டும். வயதானால் வியர்வை தாமதமாக வரும், குறைவாக வரும். தாகமும் மழுங்கிவிடும். உடம்பு வற்றிக் கிடக்கும்போதும் "வேணாம்ப்பா, தாகமே இல்ல" என்பார்கள், பொய் சொல்வதில்லை. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கிற லைன் வீடுகளில் பெண்கள் நடைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இதன்மேல் மாத்திரைகள் வேறு. ரத்தக்கொதிப்புக்கும் இதய நோய்க்கும் தரும் நீர் பிரியும் மாத்திரை உடம்பின் தண்ணீரை இறக்கும். அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்றவை இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவதால் தோலுக்குப் போகும் ரத்தம் குறையும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளில் சில, மனநோய்க்கும் நடுக்குவாதத்துக்கும் தரும் சில மருந்துகள், வியர்வையையே தடுக்கும். அதற்காக எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது. கோடை தொடங்கும்போதே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு அளவை மாற்றிக்கொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. எந்தத் தெருவில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பது அந்தச் சுகாதாரப் பணியாளருக்குத் தெரியும். கத்திரிக்கு முன்னால் அவரிடம் பேசிவைப்பது நல்லது.

இது எப்படி ஏறி வருகிறது என்று பார்க்க, நாகல் நகர்ப் பக்கத்து லைன் வீடு ஒன்றில் 76 வயது அப்பத்தா ஒருவர் தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் திருப்பூரில். எடை 50 கிலோ. பிரஷருக்கு மாத்திரை உண்டு.

முதல் நாள் அவருக்குப் பசி இல்லை. காலையில் வைத்த கஞ்சி அப்படியே இருக்கிறது. "அசதியா இருக்கு" என்கிறார். ராத்திரி தூங்கவில்லை. இரண்டாம் நாள் தலைவலி, கெண்டைக்காலில் நரம்பு இழுக்கிறது, எழுந்தால் கிறுகிறுப்பு, ஒருமுறை குமட்டல். சிறுநீர் கடுத்து, அடர் மஞ்சளாக, ரெண்டு தடவைதான் போயிருக்கிறது. நாம் "சூடு பிடிச்சிருச்சு" என்று சொல்லி விளக்கெண்ணெய் தேடுகிற கட்டம் இது. உண்மையில் உடம்பு தண்ணீரும் உப்பும் இழந்துகொண்டிருக்கிறது. தோல் இன்னும் ஈரமாக, சில்லிட்டும் இருக்கலாம். பேச்சு தெளிவாக இருக்கும். இந்தக் கட்டத்தில் அவரைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, துணியைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிறி, ஓ.ஆர்.எஸ். கரைசலையோ உப்புப் போட்ட நீர்மோரையோ மடக்கு மடக்காக ஒரு மணி நேரம் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து போட வேண்டும். கண்ணளவில் உப்பை அள்ளிப் போடுவது கெடுதல். சிறுநீரக நோயாளிக்கும், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிக்கும் இளநீரையும் உப்புக் கரைசலையும் நாமாகக் கொடுக்காமல் டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும். ஒரு மணி நேரத்தில் தெளியவில்லை, அல்லது வாந்தி நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

நம் கதையில் அப்படி யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் மூன்றரை மணி. குழாயில் தண்ணீர் வந்தும் அப்பத்தாவின் குடம் வரிசைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டுகிறார். "அப்பத்தா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டதற்கு உள்ளிருந்து வரும் பதில்: "மாட்டைக் கட்டியாச்சா?" அந்த வீட்டில் மாடு இருந்து இருபது வருஷம் ஆகிறது.

இதுதான் அந்த நொடி. அசதியையும் வெப்பவாதத்தையும் பிரிக்கிற கோடு காய்ச்சல்மானியில் இல்லை, பேச்சில் இருக்கிறது. உடம்பின் உள்சூடு 40 டிகிரியை எட்டியதும் முதலில் தடுமாறுவது மூளை. சம்பந்தமில்லாத பதில், ஆள் தெரியாமை, கிழமை தெரியாமை, காரணமில்லாத கோபம், நடையில் தள்ளாட்டம், எழுப்பினால் உடனே மறுபடி கண்ணயர்வது, இவற்றில் ஒன்று போதும். "வயசாயிருச்சு, அப்படித்தான் பேசும்" என்று நாம் கடந்து போகிற இடமும் இதுதான். அவர் வழக்கமாகவே மறதிக்காரராக இருந்தால் நேற்றைய பேச்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேற்று இருந்ததைவிட இன்று மோசமென்றால் அதுவே அறிகுறி.

அடுத்து, புறங்கையை அவர் மார்பிலோ முதுகிலோ வையுங்கள். கைகால் சில்லென்று இருந்தும் நடு உடம்பு கொதிக்கலாம். அக்குளில் வைக்கும் காய்ச்சல்மானி உள்சூட்டைக் குறைத்தே காட்டும், 101 டிகிரிதானே என்று ஏமாறக் கூடாது. தோல் வறண்டிருந்தால்தான் வெப்பவாதம் என்று பலரும் நம்புகிறார்கள். முதியவர்களுக்குப் பெரும்பாலும் வறண்டுதான் இருக்கும், ஆனால் வியர்த்திருக்கிறது என்பதற்காக அது வெப்பவாதம் இல்லை என்று தள்ளிவிட முடியாது.

குழறலுக்கு வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சர்க்கரை இறங்கினாலும் இப்படிப் பேசுவார், அவர் உடம்பு பெரும்பாலும் சில்லென்று வியர்த்துப் படபடப்பாக இருக்கும். குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும். வாய் ஒருபக்கம் கோணி, ஒரு கை மட்டும் தொங்கினால் பக்கவாதம். எதுவென்று தெரியவில்லை, ஆனால் உடம்பு கொதிக்கிறது என்றால் குளிர்விக்கத் தொடங்கிவிட வேண்டும். காரணத்தை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

உடனே ஒருவர் 108-க்குப் பேச வேண்டும், மற்றவர் தண்ணீர் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். "முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் மற்றது" என்பது மாரடைப்புக்குச் சரி. வெப்பவாதத்தில் குளிர்விப்பதுதான் சிகிச்சை, அது வீட்டிலேயே தொடங்க வேண்டும். மூளையும் சிறுநீரகமும் ஈரலும் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் கிடந்தன என்பதைப் பொறுத்தே பிழைப்பு. ஆட்டோவில் மூன்று பேர் நெருக்கிப் பிடித்துக்கொண்டு டிராபிக்கில் போகும் அரை மணி நேரமும் அந்தச் சூடு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

அப்பத்தாவை அறையைவிட்டு வெளியே, வேப்பமர நிழலுக்கோ காற்று வரும் நடைக்கோ தூக்கி வாருங்கள். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதில் கிடத்துங்கள். மெத்தை வேண்டாம். சேலையைத் தளர்த்தி, ரவிக்கையைக் கழற்றி, மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மட்டும் மேலே போடலாம், மானம் கருதி இந்த வேலையைப் பெண்கள் சூழ நின்று செய்யலாம். குடத்துத் தண்ணீரை நெஞ்சு, கழுத்து, கை, கால், தொடை என்று தலை முதல் கால் வரை தெளித்துத் துடைத்து நனையுங்கள். மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்க் தண்ணீர் மூன்றரை மணிக்குக் கொதிநீராக இருக்கும், அதை எடுக்காதீர்கள். பானைத் தண்ணீரோ தரைத்தொட்டித் தண்ணீரோ போதும். ஐஸ் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தை விடவும் வேண்டாம். நனைத்ததும் விசிற வேண்டும். டேபிள் ஃபேன் இருந்தால் சரி, கரண்ட் இல்லையென்றால் பனை விசிறி, முறம், அட்டைப்பெட்டி மூடி, எதுவானாலும் சரி. இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று ஓயாமல் விசிற, மூன்றாமவர் தோல் காயக் காய மறுபடி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோ உடம்பில் ஒரு டிகிரியை இறக்கச் சுமார் 42 கிலோ கலோரி சூட்டை வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் தோலில் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரியை எடுத்துக்கொண்டு போகும். அப்படியென்றால் இரண்டு டிகிரி இறக்க ஏறத்தாழ 150 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியானால் கணக்குக்குப் போதும். உடம்பு தானும் சூட்டை உண்டாக்குவதாலும், நாம் ஊற்றுவதில் பாதி கீழே வழிவதாலும் நிஜத்தில் கூடுதலாகத் தேவைப்படும். அப்போதும் ரெண்டு குடம் தாராளம். தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்லியாக வேண்டும்: இங்கே தட்டுப்பாடு தண்ணீருக்கு அல்ல, விசிறுகிற கைக்கு. ஊற்றிவிட்டு வேடிக்கை பார்த்தால் பலன் பாதிகூட இல்லை. ஈரத்தைக் காற்றோடு அனுப்ப வேண்டும். அந்த விதத்தில் திண்டுக்கல்லின் உலர்ந்த காற்று நமக்குச் சாதகம். தூத்துக்குடியில் ஈரம் தோலிலேயே நிற்கும். இங்கே கண் முன்னால் காயும்.

இது நாட்டுவைத்திய யோசனை இல்லை. 1980-ஐ ஒட்டி, ஹஜ் பயணிகள் கூட்டம் கூட்டமாக வெப்பவாதத்தில் விழுந்ததைப் பார்த்து கோகாலி, வீனர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் மெக்காவுக்கென்று ஒரு குளிர்விப்புக் கட்டிலை வடிவமைத்தார்கள். நோயாளியை வலையால் ஆன படுக்கையில் கிடத்தி, எல்லாப் பக்கமும் தண்ணீரைத் தூவலாகப் பீய்ச்சி, மேலே 45 டிகிரி சூடான காற்றை அடித்தார்கள். ஏன் சூடான காற்று? தோல் சில்லிட்டுப் போனால் அதன் ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்சூடு வெளியே வர வழியில்லாமல் போகும், நடுக்கம் வந்து சூடு இன்னும் ஏறும். தோல் இளஞ்சூட்டில் ஈரமாக இருந்தால் ஆவியாதல் நிற்காமல் நடக்கும். நம்மூர்க் கயிற்றுக் கட்டிலில் அடியிலும் காற்றுப் புகும். அந்த வலைப்படுக்கைக்கு இதைவிட நெருங்கிய சாதனம் வீட்டில் கிடைக்காது. விளையாட்டு வீரர், ராணுவப் பயிற்சி பெறுபவர் போன்ற இளைஞர்களுக்கு ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் முக்குவதுதான் வேகமான வழி. பலவீனமான இதயமுள்ள முதியவர்களுக்கு நனைத்து விசிறுவதே பாதுகாப்பானது. ஐஸ் வீட்டில் இருந்தால் துணியில் சுற்றி, கழுத்தின் இரு பக்கம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் கூடுதலாக வைக்கலாம். பெரிய ரத்தக் குழாய்கள் அங்கேதான் தோலுக்குப் பக்கத்தில் ஓடுகின்றன.

மின்விசிறியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அறைச்சூடு 40 டிகிரியை நெருங்கும்போது உலர்ந்த உடம்பின் மேல் ஃபேனைச் சுழலவிட்டால் அது சூட்டை இறக்காது, ஏற்றும். "ஃபேன் போட்டுத்தானே படுத்திருந்தாங்க" என்று பிறகு சொல்கிற வீடுகள் உண்டு. முதலில் ஈரம், பிறகு காற்று.

குளிர்விக்கும்போது செய்யக் கூடாதவையும் உண்டு. குழறுகிற, மயங்குகிற ஆளின் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். நாம் செய்கிற தப்புகளிலேயே இதுதான் மோசமானது. பாராசிட்டமால் கொடுப்பதில் பயனில்லை. கிருமியால் வரும் காய்ச்சலில் மூளை தானே சூட்டின் அளவை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதை இறக்கும். வெப்பவாதத்தில் மூளை உயர்த்தவில்லை, சூடு வெளியேற முடியாமல் தேங்கியிருக்கிறது. மாத்திரை ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் ஈரலுக்குச் சுமைதான். எண்ணெய் தடவினால் தோலின் ஈரம் ஆவியாவது தடைப்படும். நடுங்குகிறாரே என்று கம்பளி போர்த்தாதீர்கள். நனைப்பதைச் சற்று மட்டுப்படுத்தி விசிறலைத் தொடர்ந்தால் போதும். வலிப்பு வந்தால் கையில் சாவி திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நினைவில்லாமல் மூச்சு மட்டும் ஓடினாலும் இதேபோல இடப்பக்கமாக ஒருக்களிக்க வேண்டும். மூச்சே நின்றுவிட்டால் நடுநெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், 108-இல் பேசுபவர் எப்படி என்று போனிலேயே சொல்வார். தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வரலாம் என்ற யோசனைக்கும் இடம் தராதீர்கள். அந்த ஒரு மணி நேரம் திரும்பி வராது.

எப்போது நிறுத்துவது? அவர் கண் விழித்துத் தன் பேரையும் உங்கள் பேரையும் சரியாகச் சொன்னால் உள்சூடு இறங்குகிறது என்று கொள்ளலாம். அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சிறுநீரகமும் ஈரலும் கெட்டிருப்பது இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் ரத்தப் பரிசோதனையில் தெரியவரும். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டு இழந்தவர்கள் உண்டு. ஆம்புலன்ஸுக்குள்ளும் ஈரத்துணியும் விசிறலும் தொடரட்டும்.

பிரான்ஸில் 2003 ஆகஸ்டில் வந்த வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் போயிருந்த மாதம் அது. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போயிருக்கிறார்கள், வேறுபாடு அவ்வளவுதான். ஆகவே தெருவில் தனியாக இருப்பவர் யார், நடமாட முடியாதவர் யார் என்பதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டைப் பொறுப்பாக்கலாம். ஒருநாளைக்கு இரண்டு முறை எட்டிப் பார்த்தால் போதும். மாலை நாலு மணிக்கு ஒன்று, அறை அதிகம் காந்துகிற நேரம் அது. ராத்திரி ஒன்பதுக்கு இன்னொன்று, படுக்கை எங்கே, சன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வாசலில் நின்று "என்ன அப்பத்தா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இருக்கேன்ப்பா" என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் தெரியாது. உள்ளே போய், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை தடவை ஒன்றுக்குப் போனீர்கள், மகன் போன் பண்ணினானா என்று கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான் மூளையைச் சோதிக்கும். அப்படியே ஒரு சொம்பு தண்ணீரைக் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். எந்த அறையில், எத்தனை மணிக்குக் கண்டீர்கள், உடம்பு சூடாக இருந்ததா, குளிர்விக்கத் தொடங்கியது எப்போது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். இது சிகிச்சைக்கு மட்டும் அல்ல. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் சாவுக்குக் காரணம் வெப்பம்தான் என்று மருத்துவச் சான்று வேண்டும். பூட்டிய அறையில் கிடந்து இறப்பவர்களை நாம் "வயசாளி, தூக்கத்திலேயே போயிட்டாங்க" என்று சொல்லி அன்றைக்கே எடுத்துவிடுகிறோம். அந்தச் சாவுகள் வெப்பக் கணக்கில் ஏறுவதே இல்லை.